உங்களுக்குத் தெரியுமா? வரிசையில் நிற்க மறுக்கும் தேதிகள்

ஆறு வரவுகள், நான்கு வழக்கங்கள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் வசூல் கணக்கை எடுத்துக்கொள்வோம். பொருளாளர் நாளை முதலில் எழுதுவார், சாய்கோடும் போடுவார், புள்ளியும் வைப்பார். அமெரிக்காவில் இருக்கும் வீட்டுக்காரர் மாதத்தை முதலில் எழுதுவார். வங்கியின் செயலி ஆண்டை முதலில் போடும். செயலாளருக்கு மாதத்தின் பெயரையே எழுதினால்தான் திருப்தி. எல்லாவற்றையும் ஒரே எக்செல் ஷீட்டில் ஒட்டினால் இப்படி இருக்கும்:

```
05/04/2024
4/12/24
28.03.2024
2024-04-02
15 Apr 2024
31/03/2024
```

இரண்டாவது வரி அமெரிக்காக்காரருடையது, ஆகவே அது ஏப்ரல் 12. உண்மையான வரிசை: மார்ச் 28, மார்ச் 31, ஏப்ரல் 2, 5, 12, 15. முதல் இரண்டும் முடிந்த நிதியாண்டின் வரவு, மற்ற நான்கும் புதிய ஆண்டின் வரவு. வரிசை பிசகினால் தணிக்கையாளர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

எழுத்தாகப் பார்த்தால் ஏப்ரல் 15 இரண்டாமிடம்

இந்த ஆறையும் வெறும் எழுத்துகளாக நினைத்துக் கணினி வரிசைப்படுத்தினால், முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். 0-வில் தொடங்குவது முன்னே, 4-இல் தொடங்குவது கடைசியில். கிடைப்பது: ஏப்ரல் 5, ஏப்ரல் 15, ஏப்ரல் 2, மார்ச் 28, மார்ச் 31, ஏப்ரல் 12. மாதமும் ஆண்டும் இதில் பார்க்கப்படவே இல்லை.

மாதத்தைத் தமிழில் எழுதி, அதையே முதலில் வைத்தால் இன்னும் வேடிக்கை. அகரவரிசைப்படி ஆண்டு அக்டோபரில் பிறக்கும், அடுத்து ஆகஸ்ட், அதன் பின்னால் ஏப்ரல்.

எக்செல் புரிந்துகொள்வது இன்னும் ஆபத்து

"எக்செல்லுக்குத் தேதி தெரியுமே" என்பீர்கள். தெரியும், அதுதான் சிக்கல். கணினியின் மண்டல அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது என்று வையுங்கள். புதுக் கணினிகள் பலவும் அப்படித்தான் வருகின்றன, யாரும் மாற்றுவதில்லை. அந்தக் கணினியில் இதே ஆறு வரிகளும் ஆளுக்கொரு கதிக்கு ஆளாகும்.

`05/04/2024` சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். `4/12/24` சரியாக ஏப்ரல் 12 என்றே படிக்கப்படும். `2024-04-02`, `15 Apr 2024` இரண்டுக்கும் ஆபத்தில்லை. ஆனால் `31/03/2024` மாட்டிக்கொள்ளும். 31-வது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது, எழுத்தாக அப்படியே விட்டுவிடும். `28.03.2024`-க்கும் அதே கதிதான்.

இப்போது ஏறுவரிசை கேட்டால் எக்செல் எண்களை முதலிலும் எழுத்துகளைக் கடைசியிலும் வைக்கும். ஏப்ரல் 2, ஏப்ரல் 12, ஏப்ரல் 15, மே 4 (இல்லாத தேதி!), அதற்குக் கீழே மார்ச் 28, மார்ச் 31. முதல் நான்கு வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும்.

ஓர் ஆண்டில் 132 நாள் ஆள்மாறாட்டம்

நாள் 12-க்குள் இருந்தால்தான் நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட முடியும். மாதத்துக்கு 12 நாள், 12 மாதம், மொத்தம் 144. இதில் 1/1, 2/2, 3/3 போன்ற 12 நாள்களை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். மிச்சம் 132 நாள்கள் தவறாகப் படிக்கப்பட்டாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. மற்ற நாள்களாவது எழுத்தாக நின்று தங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தேதி என்பது உள்ளே ஓர் எண்

எக்செல் தேதியாக ஏற்ற எதையும் நாள் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. ஏப்ரல் 5, 2024 என்பது 45387. திரையில் தெரியும் சாய்கோடும் மாதப் பெயரும் மேல்பூச்சுதான், வரிசைப்படுத்தும்போது இந்த எண்தான் பேசும்.

இந்த எண்ணிக்கைக்குள் வேண்டுமென்றே வைத்த பிழை ஒன்று உண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் எக்செல்லில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் பிப்ரவரி 29, 1900 என்று வரும். அன்று சந்தையை ஆண்ட லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தவறு அது. அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் அதை அப்படியே எடுத்துக்கொண்டது, இன்றுவரை திருத்தவில்லை.

எது எண், எது எழுத்து?

வழக்கமாகத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். யாராவது மொத்தத்தையும் நடுவில் தள்ளியிருந்தால் இந்த அடையாளம் போய்விடும். அப்போது பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=ISNUMBER(A2)
```

`TRUE` என்றால் எண், `FALSE` என்றால் எழுத்து. ஆனால் `TRUE` என்று வந்ததாலேயே தேதி சரி என்று ஆகிவிடாது. மே 4-ஆக மாறிய நம் ஏப்ரல் 5-உம் `TRUE` என்றுதான் சொல்லும்.

சரி செய்வது எப்படி?

மூலக் கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்து மறுபடி தொடங்குவதே மேல். இல்லையென்றால், முதலில் பழைய வரிசைக்குத் திரும்ப வழி வேண்டும். புது நெடுவரிசை ஒன்றில் 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றில் அந்த வரி யார் தந்தது என்று குறியுங்கள். இந்த இரண்டாவது குறிப்பு இல்லாமல் எந்தச் சூத்திரமும் உதவாது. தேதியைப் பார்த்து வழக்கத்தை ஊகிக்கக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தாக நிற்கும் `28.03.2024` (அது A4 கட்டத்தில் இருக்கிறது) இப்படி எண்ணாகும்:

```
=DATE(RIGHT(A4,4),MID(A4,4,2),LEFT(A4,2))
```

திடீரென்று 1924 என்று ஆண்டு வந்தால் பயப்பட வேண்டாம். தேதிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி நான்கு எழுத்து `024` என்பதோடு அந்த இடைவெளியும் சேர்ந்ததாகிவிட, எக்செல் அதை 24 என்று படித்து 1900-ஐக் கூட்டிவிட்டது. `A4` இருக்கும் இடமெல்லாம் `TRIM(A4)` என்று எழுதினால் தீர்ந்தது.

இடம் மாறிப்போன மே 4-ஐ மீட்க:

```
=DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2))
```

இதைப் பொருளாளரின் வரிகளில், அதுவும் `TRUE` என்று வந்தவற்றுக்கு மட்டும் போட வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று முழு நெடுவரிசைக்கும் இழுத்துவிட்டால் அமெரிக்காக்காரரின் ஏப்ரல் 12, டிசம்பர் 4 ஆகிவிடும். சரியாக இருந்த ஏப்ரல் 15-க்கு நேர்வது அதைவிட மோசம். எக்செல் 15-வது மாதம் கேட்டாலும் மறுக்காது, அடுத்த ஆண்டுக்கு எண்ணிக்கொண்டே போய் 2025 மார்ச் 4 என்று தந்துவிடும்.

எழுதியவர் யாரென்றே தெரியாவிட்டால்?

அதே கையெழுத்தில், அதே கோப்பில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேடுங்கள். `31/03` என்று ஒன்று கிடைத்தால் போதும், அவர் நாளை முதலில் எழுதுபவர். ரசீது எண் இருந்தால் இன்னும் நல்லது: 211-ஆம் ரசீது ஏப்ரல் 2, 213-ஆம் ரசீது ஏப்ரல் 8 என்றால், நடுவில் இருக்கும் 212 மே 4 ஆக இருக்க முடியாது. கிழமை குறித்திருந்தாலும் பிடித்துவிடலாம். 2024 ஏப்ரல் 5 வெள்ளி, மே 4 சனி. இவை எதுவும் இல்லாத தேதியைச் சந்தேகக் குறியோடு தனியே வைப்பதுதான் நேர்மை.

தங்கையைவிட 99 வயது இளைய அக்கா

இரண்டு இலக்க ஆண்டுக்கு எக்செல் ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறது. நெடுங்கால வழக்கப்படி 00 முதல் 29 வரை 2000-கள், 30 முதல் 99 வரை 1900-கள். (கணினியின் மண்டல அமைப்பில் இதை மாற்றலாம்.) 1929-இல் பிறந்த அக்காவுக்கு `15/08/29` என்றும், 1930-இல் பிறந்த தங்கைக்கு `15/08/30` என்றும் எழுதினால், அக்கா 2029-இல் பிறக்கப்போகிறவர் ஆகிவிடுவார். பைத்தான் மொழியின் கோடு வேறு: 68 வரை 2000-கள், 69 முதல் 1900-கள். ஆகவே `45` என்பது எக்செல்லில் 1945, பைத்தானில் 2045.

நம் அறுபது ஆண்டு சுழற்சியிலும் இதே சங்கடம்தான். "குரோதி ஆண்டு, சித்திரை" என்று மட்டும் ஒரு பத்திரத்தில் இருந்தால் அது 1904-ஆ, 1964-ஆ, 2024-ஆ?

`Apr 30`, `Apr 31`

இரண்டையும் எக்செல்லில் தட்டிப் பாருங்கள். முதலாவது இந்த ஆண்டின் ஏப்ரல் 30. ஏப்ரலில் 31-ஆம் நாள் இல்லாததால் இரண்டாவதில் 31-ஐ ஆண்டாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன எல்லைப்படி ஏப்ரல் 1, 1931.

1900-க்கு முந்தைய தேதி

1898-இல் பிறந்த கொள்ளுத் தாத்தாவின் தேதி எக்செல்லுக்குத் தேதியே அல்ல, எழுத்துதான். வம்சாவளிப் பட்டியலில் அவர் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் கீழே போய் நிற்பார். இங்கே எண்ணை விட்டுவிட்டு எல்லாருடைய தேதியையும் `1898-07-14` என்ற வடிவில் எழுத்தாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே எண்ணாக இருப்பவற்றுக்கு:

```
=TEXT(B2,"yyyy-mm-dd")
```

1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரத்தின் வடிவம் இது. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போவதால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னால் போடும் சுழியம் முக்கியம். `2024-4-2` என்று சுருக்கினால் `2024-10-05` அதற்கு முன்னால் வந்துவிடும்.

இந்த வடிவமும் சறுக்கும் இடம்

நேரமும் சேர்ந்தால் மட்டும் கவனம் வேண்டும். நள்ளிரவு தாண்டி அரை மணிக்குச் சென்னையில் ஒருவர் பணம் கட்டுகிறார், பதிவு `2024-04-01T00:30+05:30`. இன்னொரு வரவு உலகப் பொது நேரத்தில் `2024-03-31T20:00Z` என்று பதிவாகிறது. எழுத்து வரிசையில் மார்ச் 31 முன்னே நிற்கும். ஆனால் சென்னையின் 00:30 என்பது பொது நேரத்தில் மார்ச் 31 இரவு 19:00 மணி. முதலில் வந்தது சென்னைப் பணம்தான். வரிசைப்படுத்தும் முன் இரண்டையும் ஒரே மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். நம் சங்கத்துக்கு வேண்டியது இந்திய நேரம், அதன்படி இரண்டாவது வரவு ஏப்ரல் 1 அதிகாலை 01:30. இரண்டுமே புது நிதியாண்டின் கணக்கில் சேரும்.