வெளியூர் வாடகைக் காரும் அதன் விளம்பரமும்

கிலோமீட்டருக்கு 13 ரூபாய், ஓட்டுநர் பேட்டா நாளொன்றுக்கு 400 ரூபாய், டோலும் பார்க்கிங்கும் தனி என்று வெளியூர்ச் சவாரிக்கு விளம்பரம் செய்திருக்கும் ஒரு கார்க்காரரின் கட்டணத்தைப் பார்ப்பவர், தாம் போக வேண்டிய ஊரின் தூரத்தை அத்தொகையால் பெருக்கி, செலவு இன்னதென்று மனத்துக்குள் நிச்சயித்துக்கொண்டு விடுகிறார். ஊர் திரும்பிக் கணக்குத் தீர்க்கும் வேளையில் மனஸ்தாபம் உண்டாவது பெரும்பாலும் இந்தப் பெருக்கலினால்தான்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலைக்குப் போய்வருவதாக வைத்துக்கொள்வோம். போக ஏறக்குறைய 195 கிலோமீட்டர், வர அவ்வளவே. உள்ளூரில் கோயிலுக்கும் கிரிவலப் பாதைக்குமாக இன்னொரு 20 சேர்த்தால் 410 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் புறப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு வீடு சேருகிறார்கள். 410 கிலோமீட்டருக்கு 5,330 ரூபாய், இரண்டு நாள் பேட்டா 800, ஆக 6,130 ரூபாய் என்பது குடும்பத் தலைவரின் எதிர்பார்ப்பு. ஓட்டுநர் நீட்டும் சீட்டிலோ 10,950 ரூபாய் என்றிருக்கிறது. ரவுண்டு ட்ரிப் என்றால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும் என்பதும், நாள் என்பது புறப்பட்ட நேரத்திலிருந்து 24 மணி அன்று, நள்ளிரவு 12 முதல் மறு நள்ளிரவு 12 வரை என்பதும் இத்தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். அதன்படி வெள்ளி இரவின் மூன்று மணி நேரமும் ஒரு முழு நாளாகி, மூன்று நாளைக்கு 750 கிலோமீட்டர், அதற்கு 9,750 ரூபாய், பேட்டா 1,200 என்று கணக்கு நேராகவே வருகிறது. அதே குடும்பம் சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டிருந்தால் இரண்டு நாள் கணக்கில் 7,300 ரூபாயோடு முடிந்திருக்கும்.

இந்த வழக்கம் அநியாயமானதென்று நான் சொல்லமாட்டேன். கோயில் வாசலில் வண்டி நிற்கும் நேரத்திலும் அதற்குரிய கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டுநருக்கு வேறு சவாரியும் அன்றைக்கு இல்லை. அநியாயம் எதுவென்றால், 13 ரூபாயைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு 250 கிலோமீட்டர் நிபந்தனையைச் சொல்லாமல் விடுவது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரம் என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே, விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதும், புறப்படும் நாள், நேரம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுத்திலேயே பதில் வாங்குவதும், வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படமெடுப்பதும் அவசியம். கிலோமீட்டர் கணக்கு உங்கள் வாசலில் தொடங்குகிறதா, அல்லது வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பேசியதற்கு மேல் வசூலித்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; அதிலும் தீராவிடில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இத்தகைய சிறு தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

பணத்தில் ஏமாறுவது பின்னர் பரிகாரம் தேடக்கூடிய நஷ்டம். விளம்பரத்தில் வண்டியின் பெயரும் ஏ.சி. வசதியும் இருந்து பதிவெண் மட்டும் இல்லாதிருந்தால், அதில் மறைந்திருக்கும் ஆபத்து வேறு வகையைச் சேர்ந்தது. வாடகைக்கு ஓட்ட அனுமதி பெற்ற காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்த உபயோகத்துக்கான காருக்கு வெள்ளைப் பலகை. (மின்சார வாகனங்களுக்குப் பலகை பச்சை, வாடகை வண்டியாயின் எழுத்து மஞ்சள்.) ஒயிட் போர்டு வண்டி கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைவாக வருவதற்குக் காரணம், அது பர்மிட்டுக்கும் வாடகை வண்டிக்குரிய இன்ஷூரன்ஸுக்கும் செலவழிக்காததுதான். அந்த ஒன்றிரண்டு ரூபாயின் விலை விபத்து நேரும் நாளில் தெரியவரும். பர்மிட் இல்லாத காரை வாடகைக்கு ஓட்டியது பாலிசியின் நிபந்தனைக்கு விரோதம் என்று வாதாட, மோட்டார் வாகனச் சட்டமே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. அந்த வாதம் ஏற்கப்பட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு கார் சொந்தக்காரர் தலையில் விழும். கடனில் வாங்கிய ஒரு காரைத் தவிர வேறு சொத்தில்லாதவரிடமிருந்து எதை வசூலிப்பது? கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகளும் உண்டு. ஆயினும், கையும் காலும் முறிந்து கிடப்பவர் அந்த ஒரு சாத்தியத்தை நம்பி வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இதைச் சோதிப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். மத்திய அரசின் mParivahan செயலியில் பதிவெண்ணைக் கொடுத்தால், வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பன தெரியும். எட்டு ஆண்டு வரையுள்ள வாடகைக் காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டால் "காலையில் வண்டி வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்று பதில் வருமாயின், பேசுகிறவர் சவாரியை வேறொருவருக்குக் கைமாற்றிவிடும் தரகராக இருக்கலாம். அவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சொன்ன எண் ஒன்று, வாசலில் வந்து நிற்கும் வண்டி வேறொன்று என்றால், வந்த வண்டியின் எண்ணையும் சோதித்துப் பார்த்த பிறகே ஏறுங்கள்; திருப்தியில்லாவிட்டால் ஏற மறுத்து, முன்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

இனிப் பாதுகாப்பு உத்தரவாதம். "நூறு சதவிகிதம் பாதுகாப்பு" என்று எழுதுகிறவரைவிட, "இரவு 11 முதல் காலை 4 வரை ஓட்டமாட்டேன்; பின் ஸீட்டிலும் பெல்ட் வேலை செய்யும்" என்று எழுதுகிற ஓட்டுநரை நான் அதிகம் நம்புவேன்; ஏனெனில் அவர் சொன்னதைச் செய்தாரா என்று நாம் பார்த்துக்கொள்ள முடியும். ஓட்டுநரின் வேலை நேரம் நாளுக்கு 8 மணி என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டலாகாது, அரை மணியாவது இளைப்பாற வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. வழக்கத்தில் நடப்பதோ, முதல் நாள் ஒரு சவாரி முடித்து நள்ளிரவில் வீடு திரும்பியவர், விடியற்காலை 4 மணிக்கு அடுத்த வீட்டு வாசலில் நிற்பதுதான். "நேற்று எந்த ஊர்ச் சவாரி, எத்தனை மணிக்கு முடிந்தது, தம்பி?" என்று புறப்படுவதற்கு முன் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அடிக்கடி கொட்டாவி, கண்ணைக் கசக்கிக்கொள்வது, கோட்டை விட்டு வண்டி இலேசாக விலகி மீள்வது, சற்றுமுன் கடந்த கிலோமீட்டர் கல்லைக்கூடக் கவனிக்காதது போன்ற வெறித்த பார்வை ஆகியவை தூக்கத்தின் அடையாளங்கள்; அவற்றைக் கண்டால் பேச்சுக் கொடுத்து விழிக்க வைப்பதோ டீ வாங்கிக் கொடுப்பதோ போதாது, வண்டியை டீக்கடை வெளிச்சத்தில் ஓரங்கட்டச் சொல்லி, இருபது நிமிஷமாவது அவரைத் தூங்கவிட வேண்டும்.

இதில் பயணிகளின் பங்கும் உண்டு. இரவில் தங்குமிடத்தில் குடும்பத்தார் அறையில் படுத்துக்கொள்ள, ஓட்டுநர் கொசுக்கடியில், சாய்த்த ஸீட்டில் இரவைக் கழிக்கிறார். பேட்டாவில் தங்கும் செலவும் அடக்கம் என்று வாதிப்பவர், அந்தத் தொகையில் க்ஷேத்திரங்களில் அறை கிடைக்குமா என்று விசாரித்துப் பார்க்கட்டும். விடுதியை ஏற்பாடு செய்யும்போதே ஓட்டுநர் படுக்க இடமுண்டா என்று கேட்பதும், ஒரே நாளில் மூன்று ஸ்தலங்களைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பும் திட்டத்தைக் கைவிடுவதும், மறுநாள் பகலில் அந்த வண்டியில் உட்காரப் போகிற குழந்தைகளுக்காகச் செய்துகொள்ளும் காரியமே. வழியில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033.