அரபியில் இருக்கும் ஃபேஸ்புக்கில் பூட்டைத் தேடுவது

குவைத்தில் வீட்டுவேலை பார்க்கும் ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய போன் ஒன்றை அங்கேயே வாங்கியிருக்கிறார். முன்பு வைத்திருந்தவர் போனின் மொழியை அரபியாக வைத்திருந்தார். அது அப்படியே இருக்கிறது. ஃபேஸ்புக் ஆப்புக்குத் தனியாக மொழி சொல்லாவிட்டால் போனின் மொழியையே எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊர்க்காரர்கள் தமிழில் எழுதுவது தமிழிலேயே தெரிகிறது. அதைச் சுற்றியுள்ள பொத்தானும் பட்டியலும் எல்லாம் அரபி. லைக் போடவும் படம் ஏற்றவும் அது தடையில்லை, கை பழகிவிடும். முன்பின் தெரியாத ஒருவன் இரவில் மெசேஜ் அனுப்பத் தொடங்கும் நாளில்தான் சிக்கல். அவனை பிளாக் செய்யவேண்டும், படங்களை அந்நியர் பார்க்காதபடி மறைக்கவேண்டும். எந்தப் பொத்தான்?

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை குறையும். மொழி என்பது அந்த போனில் உள்ள ஆப்பைப் பொறுத்தது. யார் பார்க்கலாம், யாரை பிளாக் செய்திருக்கிறோம் என்பதெல்லாம் கணக்கைப் பொறுத்தவை. கணக்கில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். எனவே அரபி போனிலேயே போராடவேண்டும் என்று கட்டாயமில்லை. அறையில் உடன் தங்கியிருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள போன் இருந்தால், அதன் உலாவியில் தன் கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் சரிசெய்து, பாஸ்வேர்டைச் சேமிக்காமல் வெளியேறிவிடலாம். அது இல்லாதபோதுதான் அடுத்த வழி.

அடுத்த வழி மொழியையே மாற்றுவது. ஃபேஸ்புக்கின் மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அரபித் திரைக்கு நடுவிலும் ‘தமிழ்’ என்பது தமிழிலேயே நிற்கும். அந்தப் பட்டியல்வரை போய்ச் சேர்வதுதான் கஷ்டம். அதற்குக் குறுக்குவழி, உலாவியில் கணக்குக்குள் நுழைந்துவிட்டு முகவரியை நேராக அடிப்பது:

```
facebook.com/settings?tab=language
```

இது நேராக மொழிப் பக்கத்துக்கே கூட்டிப்போகும். இங்கே மாற்றியது ஆப்பில் தெரியாமல் போகலாம். கவலை வேண்டாம், நாம் செய்யவேண்டியதை உலாவியிலேயே செய்துவிடலாம். `language` என்பதை அழித்துவிட்டு `blocking` என்று அடித்தால் பிளாக் பட்டியல் வரும். இந்த முகவரிகள் எந்த மொழியிலும் மாறுவதில்லை. ஊரில் இருக்கும் தங்கை அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஒரு தொல்லை: வந்த லிங்க்கைத் தொட்டால் சில போன்கள் உலாவிக்குப் போகாமல் ஆப்பையே திறக்கும். அப்போது தொடாமல், நகலெடுத்து உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஒட்டவேண்டும்.

ஆப்பிலேயே போவதென்றால் திசையைக் கவனிக்கவேண்டும். அரபி வலமிருந்து இடம் போகும் மொழி. திரையும் அதோடு சேர்ந்து திரும்பிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் தமிழ்த் திரையின் மேல்வரிசையில் வலக்கோடியில் இருக்கும் மூன்று கோடு, இங்கே இடக்கோடியில் இருக்கும். பின்னால் போகும் அம்பு மேலே வலப்பக்கம் நின்று வலப்பக்கமே பார்க்கும். மேல்-கீழ் வரிசை மட்டும் மாறாது. தங்கையின் போனில் மேலிருந்து நான்காவதாக இருப்பது அக்காவின் போனிலும் நான்காவதுதான், இருவர் ஆப்பும் ஒரே பதிப்பாக இருக்கும்வரை. அதனால் போனில் வழிசொல்லும்போது “வலது பக்கம் பாருக்கா” என்று சொல்லக்கூடாது. “மேலே இருந்து எத்தனாவது, பக்கத்தில் என்ன படம் இருக்கு” என்று கேட்பதே குழப்பாது.

மூன்று கோட்டைத் தொட்டுக் கீழே இறங்கினால், கடைசிப் பக்கத்தில் கேள்விக்குறியோடு ஒரு வரியும் பற்சக்கரத்தோடு ஒரு வரியும் வரும். கேள்விக்குறி உதவி. பற்சக்கரம்தான் நமக்கு வேண்டியது. அதன் பெயர் الإعدادات والخصوصية. அதைத் தொட்டால் விரியும் சிறு பட்டியலில் வெறும் الإعدادات என்ற சொல்லோடு வருவது செட்டிங்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் தனியாக நிற்கும் பொத்தான் வெளியேறுவதற்கானது. பாஸ்வேர்டு நினைவில்லாதவர் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

செட்டிங்ஸுக்குள் ஓர் உருண்டைப் பூமிப் படம் வரும். அது மொழியும் நாடும். இதே பூமிப் படம் பதிவுகளுக்குப் பக்கத்திலும் வரும். அங்கே அதற்கு ‘எல்லாரும் பார்க்கலாம்’ என்று பொருள். ஒரே படத்துக்கு இரண்டு வேலை கொடுத்தது யாருடைய யோசனையோ தெரியவில்லை. செட்டிங்ஸ் பட்டியலுக்குள் இருந்தால் மொழி, ஒரு பெயருக்கோ நேரத்துக்கோ அருகில் இருந்தால் பொதுமக்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்த இரண்டாவது பூமிதான் முழு விஷயத்திலும் முக்கியமானது. ஏற்கெனவே போட்ட எந்தப் பதிவையும் பாருங்கள்; நேரம் எழுதியிருக்கும் வரியில் சிறியதாக ஒரு குறி இருக்கும். பூமி என்றால் ஃபேஸ்புக்கிலும் அதற்கு வெளியிலும் யாரும் பார்க்கலாம். இரண்டு தலை என்றால் நண்பர்கள். பூட்டு என்றால் நாம் மட்டும். ஒரு சொல்கூடப் படிக்காமல், தன் பக்கத்தை மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே போனால் எந்தப் படம் ஊருக்கே திறந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். புதிதாக எழுதும்போது இதே குறி பெயருக்குக் கீழே ஒரு பொத்தானாக வரும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் பூமி முதலில், இரண்டு தலை அடுத்ததாக. ஒருமுறை தேர்ந்தெடுத்ததை ஃபேஸ்புக் அடுத்த பதிவுக்கும் வைத்துக்கொள்ளும். இது வசதிதான், ஆபத்தும்தான். கோயில் திருவிழாப் படத்தை ஒருநாள் பூமியில் போட்டால், மறுநாள் பிள்ளையின் படமும் பூமியிலேயே போகும்.

பழைய பதிவைத் திருத்த, உலாவியில் அந்தக் குறியையே தொட்டால் பட்டியல் திறக்கும். ஆப்பில் பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வரும் பட்டியலில் தேடவேண்டும். அதிலேயே குப்பைத்தொட்டியும் இருக்கும், அதை விட்டுவிடவேண்டும். பூமியும் தலைகளும் பூட்டும் வரிசையாக நிற்கும் பக்கம் திறந்தால் சரியான இடம். வேறு ஏதாவது திறந்தால் எதையும் தொடாமல் பின்னம்பைத் தொட்டு வெளியே வரலாம். பழையவை எல்லாவற்றையும் ஒரே அடியில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. அதைத் திரும்ப மொத்தமாகத் திறக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் திறக்கவேண்டும். ஆனாலும் இந்தப் பெண்ணின் நிலையில் அது நல்ல பக்கத்துத் தவறு. தெரியாமல் மூடிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிளாக் அப்படியல்ல. இங்கேதான் சொல்லைப் படித்தாகவேண்டும். தொல்லை செய்பவனின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு பிளாக் செய்யலாம், ஆனால் அதே பட்டியலில் புகார் செய்வதும் இருக்கிறது. செட்டிங்ஸில் الحظر என்ற பக்கத்துக்குப் போய், அங்கே பெயரைத் தேடிச் சேர்ப்பது தெளிவானது. பெயரைத் தட்டியதும் ‘உறுதியா?’ என்று கேட்கும் சிறு பெட்டி வரும். அதில் حظر என்றால் பிளாக் செய். إلغاء என்றால் வேண்டாம். தாக்குப்பிடிக்க இந்த இரண்டு வடிவமும் போதும்: முதலாவது குட்டை, நடுவில் உயர்ந்த தண்டும் புள்ளியும் கொண்ட ஓர் எழுத்து இருக்கும். இரண்டாவதில் நேர்க்கோடுகள் அதிகம்.

பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயருக்குப் பக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்து إلغاء الحظر என்று நிற்கும். அது பிளாக்கை நீக்கும் பொத்தான். பயத்தில் மறுபடி மறுபடி தட்டுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறி, பிளாக் செய்தவனைத் தாங்களே விடுவித்துவிடுகிறார்கள். ஒருவரை விடுவித்தால் 48 மணி நேரம் கழிந்த பிறகே அவரை மறுபடி பிளாக் செய்ய முடியும். அவசரத்தில் தங்கையையோ தோழியையோ பிளாக் செய்துவிட்டாலும் சிரமம்தான்: நட்பு அப்போதே அறுந்துவிடும், விடுவித்தாலும் திரும்ப வராது, புதிதாக நட்பு வேண்டுகோள் அனுப்பவேண்டும். ஆகவே ஒரே பெயரில் பலர் இருந்தால் படத்தைப் பார்த்துத் தட்டவேண்டும். செய்தாயிற்றா என்பதற்குச் சான்று அந்தப் பட்டியலே. பெயர் அங்கே வந்துவிட்டால் வேலை முடிந்தது. பிளாக் ஆனவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் இருவரும் ஒரே குழுவில் இருந்தால் அங்கே ஒருவரை ஒருவர் எதிர்கொள்ள நேரலாம்.

செட்டிங்ஸில் வரும் நகரும் பொத்தான்களிலும் ஒரு பொறி உண்டு. நாம் பழகியபடி வலப்பக்கம் போனால் ‘ஆன்’. அரபியில் இடப்பக்கம் போனால்தான் ‘ஆன்’. பக்கத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பார்க்கவேண்டும். நீலம் என்றால் ஆன், சாம்பல் என்றால் ஆஃப்.

பூட்டும் வசதி இன்னொன்று இருக்கிறது. 2020-இல் இந்தியாவில் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய ‘புரொஃபைல் பூட்டு’, பெண்களின் பாதுகாப்பை முன்வைத்து வந்தது. அதைப் போட்டால் நண்பர் அல்லாதவர் நம் பதிவுகளைப் பார்க்க முடியாது, முகப்படத்தைப் பெரிதாக்கவும் இறக்கவும் முடியாது. தன் பக்கத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் பூட்டுக் குறியோடு வரும். எல்லா நாட்டிலும் இந்த வசதி இல்லை. பட்டியலில் பூட்டே தென்படவில்லை என்றால் தேடி நேரம் போக்கவேண்டாம், பதிவுகளை இரண்டு தலைக்கு மாற்றுவதே வழி.

அதே பட்டியலில் கண் குறி ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் முன்பின் தெரியாதவர் கண்ணுக்கு நம் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டும். எதை எந்த மொழியில் மாற்றினாலும் கடைசியில் பார்க்கவேண்டியது இதைத்தான். அங்கே மேலே பெரிதாக விரிந்திருக்கும் முகப்புப் படம் எப்படியும் தெரியும், அதை யாரும் மறைக்க முடியாது. குடும்பப் படம் அந்த இடத்தில் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு பூவையோ கடலையோ போட்டுக்கொள்ளலாம்.