கையிருப்புக் கட்டத்தில் கை வைக்காதீர்கள்

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைகளை மொத்தமாக வாங்கி வந்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டு விற்கிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கடையும் கிடையாது, ஆளும் கிடையாது. படம் எடுப்பது, விலை சொல்வது, கவரில் போட்டு முகவரி ஒட்டுவது, கூரியர் ஆபீசுக்கு நடப்பது எல்லாம் அவரேதான். ஆரம்பத்தில் ஒரு நோட்டு போதுமாக இருக்கும். ஆர்டர் கொஞ்சம் கூடியதும் ஒருநாள் அரக்கு நிறச் சேலை ஒன்றே ஒன்று பீரோவில் கிடக்கும், அதற்கு இரண்டு பேர் பணம் அனுப்பியிருப்பார்கள். அன்றைக்குத்தான் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் நினைவுக்கு வரும்.

பெரும்பாலோர் செய்வது நோட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுவது. சேலையின் பெயருக்கு எதிரே ‘கையிருப்பு 12’ என்று எழுதுவார்கள். ஒன்று விற்றால் 12ஐ அழித்து 11 ஆக்குவார்கள். ஒரு வாரம் கழித்து கட்டத்தில் 7 என்று இருக்கும், பீரோவில் 8 இருக்கும். எந்த நாளில் தப்பியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் அழித்த எண்கள் எல்லாம் போய்விட்டன.

1979இல் டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். கட்டம் போட்ட தாளில் கணக்கு எழுதியவர்கள், ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் ரப்பரால் அழித்துத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த காலம் அது. விசிகால்க்கில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகத் திருந்தின. இன்றுவரை விரிதாளின் உயிர் இந்த மறுகணக்கீடுதான். ஆகவே விரிதாளில் கணக்கு வைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இரண்டு விஷயம். எந்த எண் தானாக மாற வேண்டும், எந்த எண் எக்காலத்திலும் மாறவே கூடாது?

கையிருப்பு முதல் வகை. பாஸ்புக்கில் மிச்சத் தொகையை நாம் எழுதுவதில்லை, வரவும் பற்றும் பதிவானால் மிச்சம் தானே வருகிறது. சேலைக்கும் அதுதான் முறை. நம் சேலைக்காரருக்கு நான்கு தாள்கள் போதும். ‘சரக்கு’ தாளில் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு குறியீடு, பெயர், இன்றைய விலை, கையிருப்பு. ‘வரவு’ தாளில் வாங்கி வந்த தேதி, குறியீடு, எண்ணிக்கை, வாங்கிய விலை, குறிப்பு. ‘ஆர்டர்’ தாளில் விற்றது எல்லாம். ‘செலவு’ தாளில் மற்றவை.

ஆர்டர் தாளில் பத்திகளின் வரிசை இப்படி இருக்கட்டும்: A முதல் G வரை ஆர்டர் எண், தேதி, வாடிக்கையாளர், குறியீடு, எண்ணிக்கை, விற்ற விலை, வாங்கிய விலை. அதற்குப் பிறகு H கூரியர் செலவு, I பணம் வந்த தேதி, J நிலை, K டிராக்கிங் எண், L மாநிலம். கடைசிப் பத்தியை வீண் என்று நினைக்க வேண்டாம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவருக்கும் உள்மாநிலத்தில் மட்டும் விற்பவருக்கும் ஜிஎஸ்டி பதிவு விதிகள் வேறு வேறு. ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது.

ஒரே வாடிக்கையாளர் இரண்டு சேலை கேட்டால் இரண்டு வரி. ஆர்டர் எண் இரண்டிலும் ஒன்றே, கூரியர் செலவு மட்டும் முதல் வரியில். ஒரே கட்டத்தில் ‘அரக்கு 1, பச்சை 1’ என்று எழுதினால் நமக்குப் புரியும், சூத்திரத்துக்குப் புரியாது.

நிலை என்ற பத்திதான் முழுக்கணக்கின் அச்சாணி. அதில் ஆறு சொற்களுக்கு மேல் வேண்டாம்: புதியது, அனுப்பியது, சேர்ந்தது, ரத்து, திரும்புகிறது, திரும்பியது. இப்போது சரக்கு தாளின் கையிருப்புக் கட்டத்தில் இதை எழுதி, கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=SUMIFS('வரவு'!C:C,'வரவு'!B:B,A2)
-SUMIFS('ஆர்டர்'!E:E,'ஆர்டர்'!D:D,A2,
'ஆர்டர்'!J:J,"<>ரத்து",
'ஆர்டர்'!J:J,"<>திரும்பியது")
```

வந்ததைக் கூட்டு, ஆர்டர் ஆனதைக் கழி, ரத்தானதையும் கைக்குத் திரும்பியதையும் கழிக்காதே என்பதுதான் இதன் பொருள். SUMIFS என்பது நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் கூட்டும் சூத்திரம்.

CH07 என்ற அரக்குச் சேலை 12 வந்தது, ஐந்து ஆர்டர்கள் விழுந்தன என்று கொள்வோம். அவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டன. ஒன்று ரத்து. ஒன்றை வாடிக்கையாளர் வாங்காததால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஒன்று கவரில் போட்டுத் தயாராக இருக்கிறது. சூத்திரம் 8 என்று சொல்லும். பீரோவைத் திறந்து எண்ணினால் 9 இருக்கும், ஏனென்றால் கவரில் உள்ளதும் இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது. ஆனால் விற்கத்தக்கது 8தான். ஆர்டர் எழுதிய நொடியிலேயே சேலை கழிந்துவிடுவதால் ஒன்றை இருவருக்கு விற்கும் சங்கடம் நேராது. திரும்பி வரும் சேலை கைக்கு வந்த பிறகே நிலையை ‘திரும்பியது’ என்று மாற்ற வேண்டும். கூரியர்காரர் ‘திரும்ப அனுப்பிவிட்டோம்’ என்று சொன்னதை நம்பி மாற்றினால், வழியில் இருக்கும் சேலையை விற்றுவிடுவோம். வந்த சேலையில் கறை இருந்தால் நிலையைத் திரும்பியது என்று மாற்றிவிட்டு, வரவு தாளில் எண்ணிக்கை -1, குறிப்பில் ‘கறை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எதையும் அழிப்பதில்லை, வரி சேர்ப்பது மட்டும்தான்.

இரண்டாம் வகை எண்ணுக்கு வருவோம். ஆர்டர் தாளில் விற்ற விலையை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வானேன், குறியீட்டைக் கொண்டு VLOOKUP போட்டால் சரக்கு தாளிலிருந்து தானே வந்துவிடுமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். யூடியூபில் பாதிப்பேர் அதைத்தான் கற்றுத்தருகிறார்கள். அதில்தான் வினை. தீபாவளிக்கு 900 ரூபாய்ச் சேலையை 950 ஆக்கினால், ஆடி மாதத்தில் 900க்கு விற்றவையும் அந்த நொடியில் 950க்கு விற்றதாக மாறிவிடும். பழைய மாதங்களின் லாபம் சத்தமில்லாமல் ஊதிப்போகும். வாங்கிய விலையும் அப்படித்தான். அடுத்த கொள்முதலில் 600 என்பது 640 ஆனால், பழைய விற்பனையின் லாபம் தானாகக் குறையும். ஆகவே ஆர்டர் வரியில் இவ்விரு விலைகளும் கையால் எழுதிய எண்ணாகவே இருக்க வேண்டும். சூத்திரத்தால் கொண்டுவந்தாலும் நகலெடுத்து, ‘மதிப்பு மட்டும்’ ஒட்டிவிட வேண்டும்.

செலவு தாளில் பலர் சறுக்கும் இடம் கொள்முதல். 30 சேலை 600 வீதம் வாங்கிய மாதத்தை எடுத்துக்கொள்வோம். 15 ஆர்டர். 12 சேர்ந்தன, மூன்று திரும்பின. விலை 900, கூரியர் நம் பொறுப்பு, போக 80, திரும்ப 80. கவர், டேப், சின்னாளபட்டிக்குப் போய்வந்த செலவு, ரீசார்ஜில் பாதி எல்லாம் சேர்த்து 760. நோட்டுக் கணக்கில் வரவு 10,800, கொள்முதல் உட்பட செலவு 20,200. அந்த மாதம் 9,400 ரூபாய் நட்டம் என்று அது பயமுறுத்தும். அடுத்த மாதம் கொள்முதல் இல்லாததால் பெரிய லாபம் என்று மயக்கும். இரண்டுமே உண்மையல்ல.

விற்ற 12 சேலைகளின் கொள்முதல் 7,200. அதைக் கழித்தால் 3,600. சேர்ந்தவற்றின் கூரியர் 960 போனால் 2,640. திரும்பிய மூன்றுக்கும் போகவர 480. மிச்சம் 2,160. மற்ற செலவு 760 போக கையில் நிற்பது 1,400. விற்காத 18 சேலைகள் செலவு அல்ல, பீரோவில் உட்கார்ந்திருக்கும் பணம். அதனால்தான் கொள்முதல் வரவு தாளில் நிற்க வேண்டும், செலவு தாளுக்கு வரக்கூடாது. கூரியர் ஆர்டர் வரியில் இருப்பதால் அதுவும் செலவு தாளில் இன்னொரு முறை ஏறக்கூடாது. இந்தக் கணக்கில் நான் கவனிக்கச் சொல்வது அந்த 480ஐத்தான். அந்த மூன்று ஆர்டர்களும் விழாமலே இருந்திருந்தால் லாபம் 1,880. மூன்று பொட்டலங்கள் சும்மா ஊர் சுற்றி வந்ததில் கால் பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்துவதா, முன்பணம் 100 ரூபாய் கேட்பதா என்பதை இந்த எண்ணைப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

கேஷ் ஆன் டெலிவரியில் இன்னொன்று. சேலை சேர்ந்த நாளும் கூரியர் நிறுவனம் நமக்குப் பணம் போடும் நாளும் ஒன்றல்ல. நிலை ‘சேர்ந்தது’, பணம் வந்த தேதி காலி என்று வடிகட்டிப் பார்த்தால், வெளியே நிற்கும் பாக்கி முழுதும் தெரியும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கூட்டல் தப்பினால், காரணம் பெரும்பாலும் எழுத்துதான். ‘ரத்து’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் சூத்திரத்துக்கு அது வேறு சொல், ரத்தான சேலை விற்றதாகவே கழியும். CH07 என்பதை CH-07 என்று அடித்தால் கழியவே கழியாது. இதற்கு மருந்து, குறியீட்டுக்கும் நிலைக்கும் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி வைப்பது. Data மெனுவில் Data validation என்ற பெயரில் இருக்கிறது. தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. கோப்பு அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/08 என்பதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும், 25/08/2025ஐத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தாகிவிட்டதைக் கண்டுபிடிப்பது எளிது. தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். கூகுள் ஷீட்ஸில் File, Settings போய் Locale என்பதை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மாதம் ஒருமுறை பீரோவை எண்ணத்தான் வேண்டும். ஆர்டராகி இன்னும் அனுப்பாதவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணினால், சூத்திரம் சொன்னதும் கையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் கையிருப்புக் கட்டத்தில் கை வைக்காமல், வரவு தாளில் ‘எண்ணிக்கைத் திருத்தம்’ என்று ஒரு வரி. அந்தத் திருத்தங்கள் ஒரே சேலையில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே என்னவோ நடக்கிறது, பெரும்பாலும் உறவினருக்குக் கொடுத்துவிட்டு எழுத மறந்த சேலை.

ஏப்ரல் 1 அன்று நிதியாண்டு மாறும்போது கோப்பை நகலெடுத்து, பழையதைத் தொடாமல் வைத்துவிட்டு, புதியதில் கையிருப்பை வரவு தாளின் முதல் வரிகளாக எழுத வேண்டும். அப்போது முடியாமல் நிற்கும் ஆர்டர்களையும் புதுக் கோப்புக்கு எடுத்துப்போவோம். அங்கே அவை மறுபடி ஒருமுறை கழியும். ஆகவே CH07 கையிருப்பு 8, முடியாத ஆர்டர் 2 என்றால், தொடக்க வரியில் எழுத வேண்டியது 10.