ஐந்து மணிக்கு எழுவது பழக்கமா, பழங்கதையா?

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில், காலையில் சீக்கிரம் எழுவீர்களா என்று கேட்கிறார்கள். தினமும் ஐந்து மணிக்கு எழுகிறவர், "எஸ், ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்" என்கிறார். கேட்பவர் புரிந்துகொள்வதோ, 'முன்பெல்லாம் எழுவேன், இப்போது இல்லை' என்று.

'ஐந்து மணிக்கு எழுவது வழக்கம்' என்றால் தமிழில் அது இன்றும் தொடர்கிறது. அந்த 'வழக்கம்' என்ற சொல்லுக்கு ஈடாக 'யூஸ்ட் டு'வை மனத்தில் வைத்திருப்பதால்தான் இந்தத் தவறு வருகிறது. 'யூஸ்ட் டு' நின்றுபோன வழக்கத்துக்கு மட்டுமே உரியது. இன்றைய வழக்கத்துக்கு, "ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்" போதும்.

'ஆம் யூஸ்ட் டு' என்பது வேறு. ஒன்று நமக்குப் பழகிப்போய்விட்டது, சிரமமாக இல்லை என்பது அதன் பொருள். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி 'யூஸ்டு' என்றே ஒலிப்பதால், முன்னால் வரும் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்ற சிறு சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். அது இருந்தால் பின்னால் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வரும்: "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி." சந்தேகம் வந்தால் கடைசியில் 'இட்' போட்டுப் பாருங்கள். "ஐ ஆம் யூஸ்ட் டு இட்" பொருந்துகிறது; ஆகவே பெயர்ச்சொல்லின் இடம் அது.

'வுட்' நமக்கு நெருக்கமானது. 'சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஆற்றுக்குப் போவோம்' என்கிறோம். 'போவோம்' எதிர்கால வடிவம். சொல்வது கடந்த காலம். ஆங்கிலத்தின் "வீ வுட் கோ டு த ரிவர்" அதே வேலையைச் செய்கிறது. ஆனால் 'தெருமுனையில் ஒரு புளியமரம் இருக்கும்' என்று பழைய நிலையையும் நாம் அதே வடிவில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் இதற்கு இடம் தராது. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் 'வுட்', இருந்த நிலைக்கு 'யூஸ்ட் டு': "தேர் யூஸ்ட் டு பி எ ட்ரீ." அதோடு, எந்தக் காலத்தைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "வீ வுட் கோ" என்பது 'போயிருப்போம்', 'போகலாம்' என்பதுபோல ஒரு கற்பனைப் பேச்சாகத் தோன்றும்.

இப்போது ஒரு தேர்வுக் கேள்வி. "வென் ஐ வாஸ் எ சைல்ட், வீ ____ லிவ் நியர் எ டெம்பிள்." விடைகள்: வுட், வேர் யூஸ்ட் டு, யூஸ்ட் டு. 'லிவ்' குடியிருந்த நிலையைச் சொல்வதால் 'வுட்' பொருந்தாது. 'வேர் யூஸ்ட் டு' என்றால் அடுத்து 'லிவிங்' வர வேண்டும், வரவில்லை. மிஞ்சுவது 'யூஸ்ட் டு'.

விடை எழுதுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னால் 'ஆம்', 'இஸ்' வகைச் சொல் இருக்கிறதா? சொல்வது செயலா, நிலையா? அது இன்றும் தொடர்கிறதா?