பஸ்ஸில் போனிலேயே குரூப் 4-க்குப் படிக்கலாமா? போட்டோ எடுத்த கேள்விகள் கைகொடுப்பது எப்படி?

அப்பா அரசு பஸ் கண்டக்டர். மகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீடு தாராபுரத்தில். இப்படி ஓர் இளைஞரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

காலை 8.30-க்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு 8.30 ஆகிவிடும். சுமார் 50 கி.மீ. தூரம் என்பதால் போக, வர பஸ்ஸிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரம் போகும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத நினைக்கும் அவருக்குப் படிக்கக் கிடைப்பது அந்த மூன்று மணி நேரம்தான். ஒரு கையில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது புத்தகத்தைப் பிரிக்க முடியாது. அதனால் பழைய வினாத்தாளை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இது நடக்கிற காரியமா?

2018-ல் எர்ணாகுளம் ரயில் நிலையச் சுமைத் தொழிலாளி ஸ்ரீநாத், நிலையத்தின் இலவச வைஃபையில் பாடங்களைக் காதில் கேட்டுக்கொண்டே வேலை பார்த்து, கேரள பிஎஸ்சி எழுத்துத் தேர்வில் தேறினார். (அவர் ஐஏஎஸ் ஆகிவிட்டதாகச் சுற்றும் தகவல் தவறு.) அவருடைய கைகள் மூட்டையில் இருந்ததால் காது வழியாகப் படித்தார். பஸ்ஸில் நிற்பவருக்கு ஒரு கையும் கண்ணும் மிச்சமிருக்கும். ஆனால் ஓடும் பஸ்ஸில் சின்ன எழுத்தைத் தொடர்ந்து படித்தால் பலருக்குத் தலை சுற்றும். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு ஆடுவதாகச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம்.

அதனால் பஸ் நிற்கும்போது கேள்வியைப் படித்துவிட்டு, ஓடும்போது ஜன்னலைப் பார்த்தபடி மனதில் விடை தேடலாம். கொடுவாய் ஸ்டாப்பில் ஒரு கேள்வி, அடுத்த ஸ்டாப்பில் விடை. அவ்வளவுதான்.

போட்டோ எப்படி இருக்க வேண்டும்?

முழுப் பக்கத்தை எடுத்தால் எழுத்து பொடியாகிவிடும். ஒரு படத்துக்கு ஒரு கேள்வி என்று வெட்டிக்கொள்வது நல்லது. பொது அறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டினால் விரலால் பெரிதாக்காமலே படிக்க முடியும்.

முக்கியமான விஷயம், விடை அதே படத்தில் இருக்கக் கூடாது. டிக் அடித்த கேள்வியைப் பார்த்தால் 'இது எனக்குத் தெரியுமே' என்று தோன்றும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவுகூர்ந்து பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது.

சரி, ஒரு கணக்கு. 'தனிவட்டியில் ஒரு தொகை 8 ஆண்டுகளில் இரு மடங்காகிறது. அதே வட்டியில் மும்மடங்காக எத்தனை ஆண்டுகள்?' அவசரத்தில் 12 என்று சொல்லத் தோன்றும். இரு மடங்கு என்றால் வட்டி, அசலுக்குச் சமம். அதற்கு 8 ஆண்டுகள். மும்மடங்குக்கு வட்டி, அசலைப் போல இரண்டு பங்கு வர வேண்டும். ஆகவே 16 ஆண்டுகள். பேப்பரே தேவையில்லை. தப்பாகச் சொன்ன கேள்வியைத் தனி ஆல்பத்தில் போட்டு, நாளை மறுநாள் மறுபடி பார்க்க வேண்டும்.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து வாட்ஸ்அப்பில் வரும் விடைகள். தேர்வு முடிந்ததும் டிஎன்பிஎஸ்சி வெளியிடுவது உத்தேச விடைக்குறிப்புதான். ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே இறுதி விடைகள் முடிவாகும். ஃபார்வர்டில் வந்த விடையை டிஎன்பிஎஸ்சி இணையதளத்தோடு ஒப்பிடாவிட்டால், தப்பையே மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய நேரிடும்.

இரண்டாவது, தமிழை ஒதுக்குவது. குரூப் 4-ல் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ்ப் பகுதி. அதற்கான 150-ல் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கேலரியில் கணக்குக் கேள்வி மட்டும் சேர்ந்துகொண்டே போனால் சிக்கல். பாதிப் படங்களாவது தமிழாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பஸ்ஸில் பழக முடியாத ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து 200 வட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அதாவது ஒரு கேள்விக்கு 54 விநாடிதான், வட்டம் நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். ஸ்டாப்புக்கு ஒரு கேள்வி என்ற வேகத்தில் பழகியவர் ஹாலில் நேரம் போதாமல் திணறுவார். ஞாயிற்றுக்கிழமை போனை ஒதுக்கி வைத்து, அச்செடுத்த வினாத்தாளையும் ஓஎம்ஆர் தாளையும் வைத்து முழுத் தேர்வு எழுதிப் பார்த்தால்தான் அந்த வேகம் பிடிபடும்.