எண்ணி எழுதிய சீட்டு

ஜூன் பிறந்தால் சித்தூர் மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் வாயிலில் தோத்தாபுரி லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அந்த நெரிசலில்தான் கூழ் அடைக்கும் தகர டப்பாக்களும் வந்திறங்கும். ஓர் ஆலை, திருப்பதியிலுள்ள சிறு உற்பத்தியாளரிடம் டப்பா 60 ரூபாய் வீதம் 10,000 டப்பாக்களுக்குக் கொள்முதல் ஆணை அனுப்பியதாகக் கொள்வோம். விலைப்பட்டியலும் 10,000 டப்பாக்களுக்கு 6,00,000 ரூபாய் என்றே வருகிறது. இவ்விரண்டை மட்டும் ஒப்பிட்டால் பிழையே தெரியாது. கிடங்கின் சரக்கு வரவுச் சீட்டோ வேறு சொல்கிறது: வந்தவை 9,800, நசுங்கியதால் விலக்கியவை 300, ஏற்றவை 9,500. தரவேண்டியது 5,70,000 ரூபாயே. மீதி 30,000 ரூபாய்க்கு உற்பத்தியாளரிடம் கிரெடிட் நோட் கேட்டுப் பெற வேண்டும்.

கிடங்குக்காரர் எண்ணாமல், விலைப்பட்டியலைப் பார்த்தே சீட்டு எழுதிவிட்டால் இக்காவல் பயனற்றது. ஒரு பருவம் முழுவதும் வரவுச் சீட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் ஆணையோடு ஒத்திருந்தால் நாம் ஐயுறவே செய்வோம். எண்ணிக்கை குறிப்பிடாத ஆணைப்படியைக் கிடங்குக்குத் தந்தால், எண்ணுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கணக்கு ஒத்துவரவில்லை என்று பட்டியலைக் கிடப்பில் போடவும் இயலாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாட்களுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரக்கை ஏற்றபின் பணம் தர 45 நாட்களே உச்சவரம்பு.