சல்லடையில் தங்கும் கரிமம்

பழனிமலையின் கீழ்ச்சரிவில் உள்ள பெரும்பாறைப் பகுதியில், காப்பிச் செடிகள் மர நிழலில் வளர்கின்றன. அம்மரங்களின் சருகு உதிர்ந்து மண்ணில் மக்குகின்றது. தோட்டக்காரர் ஒருவர் நிழல்மரங்களை மிகுதியாக வெட்டிவிட்டார் எனக் கொள்வோம். மண்ணிலுள்ள கரிமம் குறையத் தொடங்கிவிட்டதா என்பதை இரண்டே ஆண்டுகளில் அறிய இயலுமா?

மொத்தக் கரிமத்தை மட்டும் அளந்தால் அறிவது அரிது. அதன் பெரும்பகுதி களிமண்ணோடு ஒட்டி, பல்லாண்டுகளாக அசையாமல் கிடப்பது. எஞ்சிய சிறுபகுதியோ பாதி மக்கிய இலைத்துணுக்கும் வேர்த்துணுக்கும் ஆகும். சருகு வரவு குறைந்தால் முதலில் கரைவது இதுவே. இதனைத் துகள் கரிமப் பொருள் என்பர். 1992-இல் அமெரிக்காவில் காம்பர்டெல்லா, எலியட் என்னும் இருவர் வெளியிட்ட முறை, இதனைச் சல்லடையால் பிரித்துவிடுகிறது.

உலர்ந்த மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லையும் பெரிய வேரையும் நீக்குக. அதில் 10 கிராம் எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் வீதம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைத்த நீர் 30 மில்லிலிட்டர் ஊற்றி, ஓர் இரவு முழுதும் குலுக்கியில் வைத்துக் குலுக்குக. களிமண் கட்டிகள் உடைந்து பிரியும். பின் 0.053 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் ஊற்றி, வடியும் நீர் தெளியும்வரை கழுவுக. களியும் வண்டலும் கீழே போய்விடும். மேலே மணலும் துணுக்குகளும் தங்கும்.

மணலும் உடன் இருப்பதால், தங்கியதை ஒருமுறை நிறுப்பது போதாது. 105 பாகையில் உலர்த்தி நிறுத்து, மின் உலையில் 450 பாகையில் எரித்து மீண்டும் நிறுக்க வேண்டும். முதல் நிறை 4.20 கிராம், எரித்தபின் 4.08 கிராம் என்றால், எரிந்தது 120 மில்லிகிராம். அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 60 மில்லிகிராம், கரிமம்.

அந்த 10 கிராம் மண்ணில் மொத்தக் கரிமம் 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுக்குப்பின் மொத்தம் 280, துகள் கரிமம் 42 ஆகிறது. மொத்தத்தில் குறைவு நூற்றுக்கு ஏழுக்கும் கீழே. ஒரே தோட்டத்தில் இடத்துக்கிடமே அவ்வளவு வேறுபாடு காணலாம். துகளிலோ குறைவு நூற்றுக்கு முப்பது! ஆயினும் துகளும் மரத்தடியில் மிகுதியாகவும் வெட்டவெளியில் குறைவாகவும் இருக்கும். ஆதலால் பல இடங்களில், ஒரே ஆழத்தில், ஆண்டின் ஒரே பருவத்தில் மண் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

செம்மண்ணில் ஒரு தொல்லை உண்டு. இரும்பு ஆக்சைடு களித்துகள்களை இறுகப் பிணைத்துவைப்பதால், குலுக்கல் போதாவிட்டால் சிறு கட்டிகள் சல்லடையிலேயே நின்றுவிடும். விரலிடையே தேய்த்துப் பாருங்கள்: நறநறத்தால் மணல், வழுவழுப்பாகக் குழைந்தால் களி. களி எஞ்சினால், எரிக்கும்போது அதனுள் கட்டுண்ட நீரும் வெளியேறி, கரிமம் இருப்பதைவிட மிகுதியாகத் தோன்றும். அந்த மாதிரியை விட்டுவிட்டுப் புதிதாக மண் எடுத்து நெடுநேரம் குலுக்க வேண்டும். களைகளை எரித்த இடமாயின் அடுப்புக்கரி போன்ற துணுக்குகளும் சேரும். அவை எளிதில் மக்காதவை. அவை மிகுந்திருந்தால் துகள் குறைவது கணக்கில் தெரியாமல் மறைந்துபோகும்.